தேரிக்கும் கரிசலுக்கும் இடையே கொழுஞ்சி: ஒரு மாற்று நடவுச் சோதனையின் பதிவு

திருச்செந்தூரை அடுத்த குதிரைமொழித் தேரியின் சிவப்பு மணலிலும் எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் வரப்புகளிலும் கொழுஞ்சி வளர்கிறது. தேரியில் நான் பார்த்த செடிகள் முழங்காலைத் தாண்டாமல், கிளைகளைத் தரையோடு சாய்த்து, சிறிய இலைகளோடு நின்றன. கரிசல் வரப்பில் அதே செடி நிமிர்ந்து இடுப்பளவு வளர்ந்திருந்தது. இந்த வேறுபாடு மண்ணும் காற்றும் செடியின் வாழ்நாளுக்குள் செய்தது மட்டும்தானா, அல்லது பல தலைமுறைகளாகத் தேரியில் பிழைத்தவற்றின் வழித்தோன்றல்கள் மரபிலேயே தேரிக்கு ஏற்றவையாக மாறியிருக்கின்றனவா என்று முதுகலை மாணவர் ஒருவர் களப்பயணத்தில் கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேட எங்களுக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. செய்ததையும், தவறியதையும், கிடைத்த எண்களை எப்படிப் படித்தோம் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இரண்டு இடத்து விதைகளையும் கல்லூரித் தோட்டத்தில் ஒரே மண்ணில் விதைத்துப் பார்த்தால் போதாதா என்ற எண்ணம்தான் முதலில் எழும். அப்படி விதைத்தால், இரண்டு கூட்டங்களும் மரபில் வேறுபட்டவையா என்பது மட்டும் தெரியவரும். அந்த வேறுபாடு அதனதன் சொந்த இடத்தில் பயன் தருகிறதா என்பது தெரியாது. தேரிச் செடி குட்டையாக இருப்பது மரபால்தான் என்று உறுதிப்பட்டாலும், குட்டையாக இருப்பதனால் அது தேரியில் அதிகம் பிழைக்கிறது என்று சொல்ல அந்தத் தோட்டத்தில் ஆதாரம் இராது. அதற்குத் தேரிச் செடியையும் கரிசல் செடியையும் தேரியில் அருகருகே நட வேண்டும். கரிசலிலும் அவ்வாறே நட வேண்டும். இருபுறமும் மாற்றி நடுவதுதான் இச்சோதனையின் உயிர்நாடி. ஒருபுறம் மட்டும் நட்டால், தேரிச் செடி தேரிக்கு ஏற்றதா அல்லது எங்கு நட்டாலும் வலுவாக வளரும் ஒரு கூட்டமா என்று பிரித்தறிய முடியாது.

விதை எடுப்பதற்கு முன் எங்களை நிறுத்தி வைத்தது இனத்தின் அடையாளம். கொழுஞ்சியின் தாவரவியல் பெயர் தெஃப்ரோசியா பர்பியூரியா. அதே பேரினத்தைச் சேர்ந்த, வெண்மயிர் அடர்ந்த வில்லோசாவும் தரையோடு படரும் பூமிலாவும் நம் பக்கம் வளர்கின்றன. படர்ந்து கிடக்கும் ஒரு செடியைத் தேரிவகைக் கொழுஞ்சி என்று எண்ணி எடுத்துவந்து, கடைசியில் இரண்டு வேறு இனங்களை ஒப்பிட்டு முடித்தால் உழைப்பெல்லாம் வீணாகும். ஒவ்வொரு இடத்திலிருந்தும் பூவும் காயும் கொண்ட கிளைகளை உலர்த்தி, உலர்தாவரத் தொகுப்பிலுள்ள மாதிரிகளோடு ஒப்பிட்டு உறுதி செய்த பிறகே விதை சேகரித்தோம்.

அடுத்த முடிவு, எத்தனை கூட்டங்கள் என்பது. தேரியிலிருந்து ஒன்றும் கரிசலிலிருந்து ஒன்றும் எடுத்து நூற்றுக்கணக்கான செடிகள் நட்டாலும், கிடைப்பது அந்த இரண்டு கூட்டங்களைப் பற்றிய செய்தி மட்டுமே. தேரிக் கூட்டம் என்று பொதுவாகப் பேசவேண்டுமானால் தேரியிலிருந்தே ஒன்றுக்கு மேற்பட்ட கூட்டங்கள் வேண்டும். கைச்செலவுக்குள் முடிந்தது நான்கு: தேரியில் குதிரைமொழியும் சாத்தான்குளமும், கரிசலில் எட்டயபுரமும் கோவில்பட்டியும். நான்கு இடங்களிலும் ஒவ்வொரு சோதனைத் திடல் அமைத்து, ஒவ்வொரு திடலிலும் நான்கு கூட்டங்களையும் நட்டோம். இதனால் ஒரு கூடுதல் நன்மை உண்டு. குதிரைமொழித் திடலில் குதிரைமொழிச் செடிக்குப் பக்கத்தில் சாத்தான்குளத்துச் செடியும் நிற்கும். தகவமைப்பு தேரி என்னும் நிலவகைக்கா, குறிப்பிட்ட அந்த ஊருக்கா என்பதையும் ஓரளவு பார்க்கலாம்.

ஒவ்வொரு கூட்டத்திலும் 15 தாய்ச்செடிகளைக் குறைந்தது 5 மீட்டர் இடைவெளியில் தேர்ந்து, அவற்றின் விதைகளைத் தனித்தனி உறையில் வைத்தோம். அந்த விதைகளை நேராகத் திடலில் பயன்படுத்தக் கூடாது. கரிசலில் செழித்து வளர்ந்த தாய் பருமனான விதையைக் கொடுக்கும். தேரியில் வாடிய தாய் சிறிய விதையைக் கொடுக்கும். பருமனான விதையிலிருந்து வரும் நாற்று முதல் சில வாரங்கள் முந்திக்கொண்டு வளரும். அதை மரபின் சிறப்பு என்று நாம் எழுதிவிடுவோம். இந்தத் தாய்வழித் தாக்கத்தைக் குறைப்பதற்காக ஒரு முழுத் தலைமுறையைக் கல்லூரித் தோட்டத்தில் ஒரே கலவை மண் நிரப்பிய தொட்டிகளில் வளர்த்தோம். ஒவ்வொரு தாய்க்கும் இரண்டு செடிகளாக மொத்தம் 120 தொட்டிகள். தொட்டிகளின் இடத்தை வாரம் ஒருமுறை மாற்றினோம், ஏனெனில் சுவரோரத் தொட்டிக்கு மதிய நிழல் கிடைத்தது.

நான்கு கூட்டங்கள் ஒரே முற்றத்தில் பூத்தால் தேனீக்கள் அவற்றைக் கலந்துவிடும். எனவே பூங்கொத்துகளை மொட்டுப் பருவத்திலேயே வலைத்துணிப் பைகளால் மூடி, பூக்கும்போது பையைத் திறந்து, அதே கூட்டத்தின் வேறொரு தாயின் மகரந்தத்தைக் கையால் தடவி, மீண்டும் மூடினோம். மூடிவிட்டுத் தானாகக் காய்க்க விடுவது எளிது. ஆனால் தன்மகரந்தச் சேர்க்கையால் பிறக்கும் செடிகளின் நலிவு எல்லாக் கூட்டங்களிலும் ஒரே அளவாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. அந்த வேறுபாடு பின்னர் தகவமைப்பு என்ற பெயரில் முடிவுக்குள் நுழைந்துவிடும். மகரந்தப்பைகளை முன்கூட்டியே நீக்காததால் கொஞ்சம் தன்மகரந்தம் கலந்திருக்கத்தான் செய்யும். தலைமுறை முடிந்து விதைகளை எடைபோட்டபோது, முதலில் தெளிவாகத் தெரிந்த எடை வேறுபாடு பெருமளவு குறைந்திருந்தது, முழுவதும் மறையவில்லை. எஞ்சியது மரபாகவும் இருக்கலாம் என்பதால், விதை எடையைக் கணக்கில் கழித்துவிடும் ஆசையை அடக்கிக்கொண்டோம். கழித்தால் நாம் தேடும் மரபு வேறுபாட்டின் ஒரு பகுதியும் சேர்ந்து போய்விடும்.

கொழுஞ்சி விதைக்கு உறை கடினம். சும்மா போட்டால் ஒரு விதை இன்றைக்கும் இன்னொன்று அடுத்த மழைக்கும் முளைக்கும். பசுந்தாளுரத்துக்கு விதைப்பவர்கள் சொரசொரப்பான மணலோடு சேர்த்துத் தேய்ப்பார்கள், அல்லது வெந்நீரில் நனைத்து எடுப்பார்கள். நாங்கள் எல்லா விதைகளையும் ஒரே உப்புத்தாளில் ஒரே எண்ணிக்கையாகத் தேய்த்து, காகிதக் குழல்களில் நாற்று வளர்த்தோம். குழலோடு நடுவதால் ஆணிவேர் அறுபடாது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: நாற்றாக நடும்போதே முளைப்பு என்னும் கட்டத்தைச் சோதனையிலிருந்து வெளியே தள்ளிவிடுகிறோம். இயற்கையில் பெருவாரியான சாவு அங்கேதான் நிகழ்கிறது. அதற்காகத் தனியே விதை விதைத்த வளையங்களையும் வைத்தோம். அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒவ்வொரு திடலையும் ஐந்து பாத்திகளாகப் பிரித்தோம். ஒரு பாத்தியில் ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் 6 நாற்றுகளாக 24 குழிகள். எந்தக் குழியில் எந்த நாற்று என்பதைக் குலுக்கல் முறையில் முன்பே தீர்மானித்து வரைபடமாக அச்சிட்டுக்கொண்டோம். ஒரு தாயின் வழிவந்த நாற்றுகள் திடலுக்கு இரண்டு வீதம், வெவ்வேறு பாத்திகளில் வருமாறு பார்த்துக்கொண்டோம். கூட்டத்துக்கு 30, திடலுக்கு 120, மொத்தம் 480 செடிகள். தேரியில் மேடும் பள்ளமுமாக மணல் கிடப்பதால் பாத்திகளை மேட்டுச் சரிவுக்குக் குறுக்காக அமைத்தோம்; ஒரு பாத்திக்குள் நிலைமை ஒன்றாகவும், பாத்திக்குப் பாத்தி வேறாகவும் இருப்பதே நோக்கம்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கி மண் நனைந்ததும் ஐப்பசியில் நட்டோம். இங்குதான் இரண்டு பிழைகள் நேர்ந்தன. சாத்தான்குளத் திடலின் மூன்றாம் பாத்தியில், நாற்றுத் தட்டுகளைத் தூக்கி வந்தவர் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று கரிசல் நாற்றுகள் அனைத்தையும் மேற்கு வரிசைகளில் நட்டுவிட்டார். தேரியில் மேற்கு வரிசை என்றால் காற்றை முதலில் வாங்கும் வரிசை. மாலையில் வரைபடத்தோடு சரிபார்த்தபோது தெரிந்தது. தவறான நாற்றுகளை மட்டும் பிடுங்கி மாற்றினால் அவை மட்டும் இருமுறை அதிர்ச்சி பட்டவையாகிவிடும். ஆகவே அந்தப் பாத்தியின் 24 நாற்றுகளையும் எடுத்து, வரைபடத்தின்படி மீண்டும் நட்டோம்.

இரண்டாவது பிழை பெரியது. கரிசல் நனைந்தால் கால் வைக்க முடியாது என்பதால் அந்தத் திடல்களை முதலில் முடித்தோம். தொடர்மழையில் வண்டி கிடைக்காமல் தேரித் திடல்களை நட மேலும் 9 நாட்கள் ஆயின. தேரித் திடல்களுக்கான எல்லாக் கூட்டத்து நாற்றுகளும் குழலுக்குள் 9 நாட்கள் கூடுதலாக நெருக்குண்டிருந்தன. இந்தப் பிழையைத் திருத்த வழியில்லை. ஆனால் இது எதைக் கெடுத்தது, எதைக் கெடுக்கவில்லை என்பதைக் கவனித்தால், இச்சோதனையை எப்படிப் படிக்கவேண்டும் என்பதே விளங்கும். ஒரே திடலுக்குள் உள்ளூர்ச் செடியும் வெளியூர்ச் செடியும் அதே 9 நாள் தாமதத்தைத்தான் சுமந்தன. அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடுவதில் பழுதில்லை. தேரிச் செடி தேரியில் எப்படி இருந்தது, கரிசலில் எப்படி இருந்தது என்று திடல் விட்டுத் திடல் ஒப்பிட்டால் அந்தத் தாமதமும் கணக்கில் கலந்துவிடும்.

கட்டுப்பாடுகளில் அடிக்கடி தவறவிடப்படுவது, உள்ளூர்ச் செடியையும் வெளியூர்ச் செடியைப்போலவே கையாளுவது. அங்கே ஏற்கெனவே வளர்ந்து நிற்கும் காட்டுக் கொழுஞ்சியை உள்ளூர்ப் பிரதிநிதியாக எடுத்துக்கொண்டு, நட்ட வெளியூர் நாற்றோடு ஒப்பிட்டால், நடவு அதிர்ச்சி ஒருபக்கத்துக்கு மட்டும் விழும். எங்கள் உள்ளூர்ச் செடிகளும் அதே கல்லூரி முற்றத்தில் முளைத்து, அதே வண்டியில் வந்து, அதே நாளில் குழிக்குள் போனவை. காட்டுச் செடிகள் சிலவற்றில் கொடி கட்டி எண்ணியதும் உண்டு. ஆனால் அது, நட்ட செடிகளின் வளர்ச்சி இயல்பான அளவில்தான் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டும். முதல் ஐந்து நாட்கள் எல்லாச் செடிக்கும் 200 மில்லிலிட்டர் தண்ணீர் ஊற்றினோம், பிறகு மழைதான். முதல் வாரத்துக்குள் செத்தவற்றுக்கு அதே தாய்வழி நாற்றை மாற்றி வைத்து, அதைக் குறித்துக்கொண்டோம்; அதன்பின் செத்தது சாவுக் கணக்கில் சேர்ந்தது. களை எடுக்கவில்லை, களையும் அந்த இடத்துச் சூழலின் ஒரு பகுதிதான். உடைமுள் வேலி போட்டோம். கொழுஞ்சியை ஆடுமாடுகள் விரும்பி மேய்வதில்லை என்பதால் வேலியால் மேய்ச்சலை மறைத்துவிட்டோம் என்ற குறை அவ்வளவாக இல்லை, மிதிபடுவதைத்தான் தடுத்தோம். அடையாளக் குச்சிகளைப் பற்றி மட்டும் ஒரு சொல்: மூங்கில் குச்சி வைத்தால் அடுப்புக்குப் போய்விடுகிறது, மையால் எழுதினால் ஒரு கோடைக்குத் தாங்குவதில்லை. ஆணியால் எண் கீறிய அலுமினியத் தகட்டைச் செடியின் அடியில் புதைத்த பிறகே நிம்மதி வந்தது.

விதை வளையங்களுக்கு வருகிறேன். 25 சென்டிமீட்டர் அகலமுள்ள பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளை மண்ணில் பதித்து, ஒவ்வொன்றிலும் 50 விதைகளை விதைத்தோம். திடலுக்கு ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஐந்து. அவற்றோடு எதையும் விதைக்காத ஐந்து வெற்று வளையங்களும் உண்டு. மண்ணில் ஏற்கெனவே கிடக்கும் காட்டுக் கொழுஞ்சி விதையும் அதே மழையில் முளைக்கும், அது நாம் விதைத்ததா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கரிசலின் வெற்று வளையங்களில் சராசரியாக 6 நாற்றுகள் முளைத்தன. தேரியில் சராசரி ஒன்றைக்கூட எட்டவில்லை. அந்த 6 எல்லா வளையத்திலும் கலந்திருக்கும். கழிக்காமல் விட்டால் கூட்டங்களுக்கு இடையிலான உண்மை வேறுபாடு நீர்த்துப்போகும். இது அற்பமான அக்கறை அல்ல. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சின் காஸ்தோன் போனியே சமவெளிச் செடிகளை மலையில் நட்டு, அவை மலையினங்களாகவே மாறிவிட்டதாக அறிவித்தார். அவருடைய பாத்திகளுக்குள் மலையின் சொந்தச் செடிகள் புகுந்திருக்க வேண்டும் என்பதே பின்வந்தவர்களின் விளக்கம். கலிபோர்னியாவில் கிளாசன், கெக், ஹீசி மூவரும் கடலோரத்து ஸ்டான்ஃபோர்டு, 1,400 மீட்டர் உயரத்து மேதர், 3,050 மீட்டர் உயரத்து டிம்பர்லைன் ஆகிய தோட்டங்களில் ஒரே செடியைத் துண்டுகளாகப் பிரித்து நட்டு, 1940-இல் வெளியிட்ட ஆய்வில் அப்படிப்பட்ட இனமாற்றம் எதையும் காணவில்லை. செடியின் உருவம் இடத்துக்கேற்ப மாறியது, ஆனால் அது வேறொன்றாக ஆகவில்லை.

வெளியூர்ச் செடியை நடுவதில் ஒரு பொறுப்பும் இருக்கிறது. கொழுஞ்சிக் காய் முற்றினால் வெடித்து முறுக்கிக்கொண்டு விதையைச் சிதறும். நாம் அங்கே வேறூர் மரபை விதைத்துவிட்டுப் போனவர்களாவோம். தனியார் பட்டா நிலத்தில், உரியவரின் ஒப்புதலோடு, காட்டுக் கூட்டத்திலிருந்து 200 மீட்டர் தள்ளித் திடல் அமைத்தோம். பத்து நாட்களுக்கு ஒருமுறை போய், பழுப்பேறத் தொடங்கிய காய்களை வெடிக்கும் முன் பறித்து எண்ணினோம். மகரந்தம் வெளியே போவதை மட்டும் முழுதாகத் தடுக்க முடியவில்லை.

அளவுகோல் எது என்பது அடுத்த கேள்வி. உயரத்தையோ இலை எண்ணிக்கையையோ அளந்து எது நன்றாக வளர்ந்தது என்று எழுதுவது வழக்கம். தேரியில் உயரம் நன்மையா தீமையா என்பதே தெரியாதபோது அதை வெற்றியின் அளவாக வைப்பது முடிவை முன்கூட்டியே எழுதிக்கொள்வதாகும். நாங்கள் எடுத்தது, நட்ட ஒவ்வொரு செடியும் ஆவணி வரை கொடுத்த மொத்தக் காய்கள். செத்தவை சாகும்வரை கொடுத்ததும் சேர்த்தி, ஒன்றும் கொடுக்காமல் செத்தவற்றுக்குச் சுழியம். உயிரோடு நிற்பவற்றின் சராசரியை மட்டும் எடுத்தால், வலுவற்றவை செத்து நீங்கிய கூட்டம் சிறப்பானதாகத் தோன்றும். பங்குனியில் நிறுத்திவிடலாம் என்று பேச்சு எழுந்தது. அதுவரை தேரித் திடல்களில் நான்கு கூட்டங்களுக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. தேரியை உருவாக்கும் மேல்காற்று வீசுவது ஆனியிலும் ஆடியிலும்தான். அதைப் பார்க்காமல் எழுதினால் தேரியையே பார்க்காமல் எழுதியதாகும் என்று தொடர்ந்தோம்.

தேரியின் இரு திடல்களையும் சேர்த்து, நட்ட 120 தேரிச் செடிகளில் 66-உம், 120 கரிசல் செடிகளில் 36-உம் ஆவணியில் உயிரோடு இருந்தன. நட்ட செடி ஒன்றுக்குச் சராசரிக் காய்கள் இவை:

| | தேரித் திடல்கள் | கரிசல் திடல்கள் |
|---|---|---|
| தேரிச் செடிகள் | 22 | 31 |
| கரிசல் செடிகள் | 14 | 33 |

இந்த அட்டவணையை இரண்டு வழிகளில் படிக்கலாம். மாணவர் முதலில் குறுக்காகப் படித்தார்: தேரிச் செடி தன் ஊரில் 22 காய், கரிசலில் 31, எனவே அது கரிசலுக்குத்தான் ஏற்றது, தேரிக்குத் தகவமையவில்லை என்றார். இது மிகவும் இயல்பான தவறு. கரிசலில் ஈரமும் சத்தும் அதிகம். எந்தக் கொழுஞ்சியும் அங்கே அதிகம் காய்க்கும். நல்ல நிலத்துக்கும் வறண்ட நிலத்துக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் குறுக்கு ஒப்பீடு அளக்கிறது. எங்கள் 9 நாள் தாமதமும் அதனுள் ஒளிந்திருக்கிறது. இயற்கைத் தேர்வு நடப்பது ஒரே இடத்தில் ஒன்றோடொன்று போட்டியிடும் செடிகளுக்கு இடையில். ஆகவே அட்டவணையை மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும். தேரியில் உள்ளூர் 22, வெளியூர் 14. கரிசலில் உள்ளூர் 33, வெளியூர் 31. பரிணாம உயிரியலாளர்கள் கவேக்கியும் எபர்ட்டும் 2004-இல் வலியுறுத்தியதும் இதையே: உள்ளூர்ச் செடி அதே இடத்தில் வெளியூர்ச் செடியை முந்துவதுதான் உள்ளூர்த் தகவமைப்பின் அடையாளம்.

அப்படிப் படித்தாலும் முடிவு இருபுறமும் ஒன்றாக இல்லை. தேரியில் உள்ளூர்ச் செடி வெளியூர்ச் செடியைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல் காய்த்தது. கரிசலில் 33-க்கும் 31-க்கும் உள்ள இடைவெளி, பாத்திக்குப் பாத்தி இருந்த ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கிவிட்டது. அதாவது தேரிக் கூட்டங்கள் தேரியின் கடுமையைத் தாங்கும் திறனைப் பெற்றிருக்கின்றன. அதற்காகக் கரிசலில் விலை கொடுத்ததாகத் தெரியவில்லை. அட்டவணையை வரைபடமாக்கினால் தேரிச் செடிக்கும் கரிசல் செடிக்கும் ஒவ்வொரு கோடு வரும்; அந்தக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டினால் மட்டுமே தகவமைப்பு என்று விரிவுரையாளர்கள் சிலர் சொல்வதுண்டு. இங்கே எண்களின் அளவில் அவை வெட்டத்தான் செய்கின்றன, ஆனால் அந்த வெட்டு கரிசல் பக்கத்தில் இரண்டு காய்களை நம்பி நிற்கிறது. அதை ஆதாரமாகக் காட்ட எனக்குத் துணிவில்லை. ஒரு மழைப்பருவத்தை மட்டுமே பார்த்தோம் என்பதும் உண்டு. கார்த்திகையில் கரிசலில் நாள்கணக்கில் தண்ணீர் தேங்கும் ஆண்டு ஒன்று வந்தால், அந்த 31 என்ன ஆகும் என்று எங்கள் எண்களால் சொல்ல முடியாது.

குதிரைமொழித் திடலில் சாத்தான்குளத்துச் செடிகள் உள்ளூர்ச் செடிகளுக்குச் சளைக்கவில்லை, சாத்தான்குளத்திலும் அவ்வாறே. எனவே தகவமைப்பு ஊருக்கல்ல, தேரி நிலத்துக்கு என்று படுகிறது. இப்படிச் சொல்லும்போது எதை எண்ணுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். 480 செடிகள் நட்டோம் என்பது உண்மை. ஆனால் தேரி, கரிசல் என்ற பொதுக்கூற்றுக்கு எங்களிடம் இருப்பது இரண்டுக்கு இரண்டு கூட்டங்கள்தான். ஒரே கூட்டத்தின் 120 செடிகளை 120 தனிச் சான்றுகளாக எண்ணினால் பொய்யான உறுதி கிடைக்கும். கணக்கை R மென்பொருளில் இவ்வாறு அமைத்தோம்:

```
glmmTMB(pods ~ site_type * origin +
          (1 | garden/block) + (1 | pop/family) +
          (1 | garden:pop),
        ziformula = ~ site_type * origin,
        family = nbinom2, data = d)
```

இதில், ஒவ்வொரு கூட்டமும் திடலுக்குத் திடல் வேறுபடுவதைக் குறிக்கும் `garden:pop` என்ற உறுப்பை முதலில் விட்டுவிட்டோம். அப்போது, செடியின் பிறப்பிடத்தின் தாக்கம் திடலின் நிலவகைக்கேற்ப மாறுகிறதா என்று காட்டும் `site_type:origin` மிகத் தெளிவான முடிவாக வந்தது. சேர்த்தபின் பிழை வரம்பு நன்றாக அகன்றது. அகன்றதுதான் நேர்மையானது, ஏனெனில் கூட்டங்கள் திடல்தோறும் தம் போக்கில் வேறுபடுவதோடு ஒப்பிட்டுத்தான் நிலவகையின் தாக்கத்தை நிறுக்க வேண்டும். இந்த மாதிரி மடங்கு அளவில் ஒப்பிடுகிறது என்பதும் முக்கியம். கரிசலில் எல்லா எண்களும் பெரியவை என்பதால் வெறும் கழித்தல் கணக்கு கரிசலுக்குக் கூடுதல் எடை கொடுத்துவிடும்.

காரணம் என்ன என்பதுதான் மிச்சம். கொழுஞ்சி பயறு வகைச் செடி. வேர் முடிச்சுப் பாக்டீரியாவை மண்ணிலிருந்து பெறுகிறது. தேரிச் செடியின் வெற்றி, தேரி மண்ணின் பாக்டீரியாவோடு அதற்குள்ள பழக்கமாகவும் இருக்கலாம். இதைப் பார்க்க, நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்கிய ஆற்றுமணலில் நூற்றுக்கு ஐந்து பங்கு தேரி மண் அல்லது கரிசல் மண் கலந்து தொட்டிகளில் இருவகைச் செடிகளையும் வளர்த்தோம். அதே மண்ணை வேகவைத்துக் கலந்த தொட்டிகளும் இருந்தன. மண்ணின் சத்தால் வரும் வளர்ச்சியைப் பாக்டீரியாவால் வரும் வளர்ச்சியிலிருந்து பிரிக்க அவைதான் துணை. உயிருள்ள மண் எதைக் கலந்தாலும் இருவகைச் செடிகளிலும் முடிச்சு வந்தது. அறுத்தால் உள்ளே இளஞ்சிவப்பு, அதாவது வேலை செய்யும் முடிச்சு. வேகவைத்த மண்ணில் முடிச்சே இல்லை. செடியின் பிறப்பிடத்துக்கும் மண்ணின் பிறப்பிடத்துக்கும் இடையே தொடர்பு எதுவும் தெரியவில்லை.

ஆவணியில் எல்லாச் செடிகளையும் வேரோடு பிடுங்கியபோது தேரித் திடலில் நின்ற தேரிச் செடிகளின் ஆணிவேர் நீளமாக இருந்தது. ஆழமான வேரே காரணம் என்று எழுதிவிட மாணவர் துடித்தார். பிடுங்கியவை பிழைத்தவை மட்டும். செத்தவற்றின் வேர் எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. பிழைத்ததால் நீண்டதா, நீண்டதால் பிழைத்ததா என்பதை அந்த வேர்களால் சொல்ல இயலாது.

சாவு நிகழ்ந்த நாட்களைப் பார்த்தால் ஒரு குறிப்புக் கிடைக்கிறது. தேரியில் கரிசல் செடிகளின் சாவு சித்திரை வெயிலில் குவியவில்லை. ஆனி நடுவிலிருந்து ஆடி முடிய, மணல் பறக்கும் வாரங்களில் குவிந்தது. நிமிர்ந்த தண்டின் மேற்குப்புறத்தில் பட்டை உராய்ந்திருந்த செடிகளையும் குறித்திருக்கிறோம். ஆகவே வரும் ஐப்பசியில் தேரியின் இரு திடல்களில் மட்டும் மீண்டும் நடுகிறோம். ஒவ்வொரு பாத்தியையும் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மேற்கே பனையோலைத் தட்டி கட்டப்போகிறோம். மறுபாதிக்கு அதே உயரத்தில் காற்றை மறைக்காத வெறும் பனைமட்டைச் சட்டம் மட்டும் இருக்கும், கட்டுவதற்காகக் குழி தோண்டியதும் நடமாடியதும் இருபாதிக்கும் பொதுவாகட்டும் என்பதற்காக. தட்டியின் மறைவில் 22-க்கும் 14-க்கும் உள்ள இடைவெளி சுருங்கினால் காற்றும் மணலும்தான் காரணம். சுருங்காவிட்டால் வேர்களை மீண்டும் பார்ப்போம். இம்முறை நடுவதற்கு முன்பே, ஒரு மீட்டர் நீளக் குழாய்களில் தனியே வளர்த்து.